விடுபட்ட விவரமும் நடக்காத தேதியும்: பில்லைத் தடுத்து நிறுத்தும் விதிகளை எழுதுவது எப்படி

ஸ்கேன் செய்த பில்லையோ பிடிஎஃபையோ படித்து, சப்ளையர் பெயர், பில் எண், தேதி, தொகை என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது பிரித்துக் கொடுத்ததை அப்படியே கணக்கில் ஏற்றலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் விதிகளை நீங்களே எழுதுவதற்கான அத்தியாயம் இது. எடுத்துக்காட்டாக இந்திய ஜிஎஸ்டி பர்ச்சேஸ் பில்லை எடுத்துக்கொள்கிறேன். பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சட்டமே பட்டியல் போட்டிருப்பதால், கட்டாயம் எது என்ற வாக்குவாதம் பெரும்பாலும் இல்லாமல் போகும்.

பைத்தான் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். நிரல் எழுதாதவர் என்றாலும், விதிகளைத் தமிழில் எழுதி நிரலாளரிடம் கொடுக்கும் அளவுக்கு இதில் விவரம் இருக்கிறது.

## முதலில் மூன்று தீர்ப்புகளை வகுத்துக்கொள்ளுங்கள்

பலரும் விதியை "சரி / தப்பு" என்று இரண்டாகப் பிரித்துத் தொடங்குகிறார்கள். அதில்தான் சிக்கல் பிறக்கிறது. சந்தேகமான பில் எல்லாம் "தப்பு" பக்கம் போய்க் குவியும். ஒரு வாரத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் அந்தக் குவியலைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள், அல்லது விதியை அணைத்து வைக்கச் சொல்வார்கள். அதனால் மூன்று தீர்ப்புகள் வேண்டும்:

1. ஏற்பு (`OK`): எந்த விதியும் மீறப்படவில்லை. நேராகக் கணக்குக்குப் போகலாம்.
2. நிறுத்தி வை (`HOLD`): இப்படி இருப்பது அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது. ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்தால் உள்ளே போகும்.
3. நிராகரி (`REJECT`): இப்படி இருக்கவே முடியாது, அல்லது இது இல்லாமல் என்ட்ரி போடவே முடியாது. மதிப்பைத் திருத்தாமல் யார் ஒப்புதல் தந்தாலும் உள்ளே போகாது.

ஒவ்வொரு விதியை எழுதும்போதும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த மதிப்போடு ஒரு நேர்மையான பில் உலகில் இருக்க முடியுமா? முடியும் என்றால் அது நிறுத்தி வைக்க வேண்டியது. முடியவே முடியாது என்றால் நிராகரிக்க வேண்டியது. ஜூன் 31 என்ற தேதி இருக்க முடியாது. எட்டு மாதம் பழைய பில் இருக்க முடியும்.

எச்சரிக்கை: சோதிக்கும் நிரல் எதையும் திருத்தக் கூடாது. "ஜூன் 31 என்றால் ஜூன் 30 ஆகத்தான் இருக்கும்" என்று நிரலை ஊகிக்க விட்டால், கண்ணில் படுகிற பிழை கண்ணில் படாத பிழையாக மாறிவிடும். நிராகரிக்கப்பட்ட பில்லைத் தேடிப் பிடிக்கலாம். தவறான தேதியோடு கணக்கில் ஏறிவிட்ட பில்லை ஆடிட்டர் வரும்வரை யாரும் தேடப்போவதில்லை.

## எது கட்டாயம் என்று முடிவு செய்தல்

படி 1. ஆவணம் எந்த வகை என்று முதலில் கேளுங்கள். கட்டாயப் பட்டியல் எல்லாப் பில்லுக்கும் ஒன்றல்ல. வரி போட்ட டாக்ஸ் இன்வாய்ஸில் சப்ளையரின் ஜிஎஸ்டி எண் இருந்தே ஆக வேண்டும். பதிவு செய்யாத சிறு கடைக்காரர் தரும் பில்லில் அந்த எண் இருக்காது, இருக்கவும் முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் 'பில் ஆஃப் சப்ளை'தான் தருவார். அதில் ஜிஎஸ்டி எண் இருக்கும், வரித்தொகை இருக்காது. மூன்றையும் ஒரே பட்டியலால் சோதித்தால் பதிவில்லாத கடைக்காரரின் பில்லும் காம்போசிஷன் பில்லும் காரணமில்லாமல் திரும்பும். ஆகவே ஆவண வகை என்ற கட்டமே முதல் கட்டாய விவரம். அது தெரியாவிட்டால் மற்ற விதிகளை ஓட்டவே வேண்டாம்.

படி 2. சட்டப் பட்டியலை எடுத்து வையுங்கள். டாக்ஸ் இன்வாய்ஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது சிஜிஎஸ்டி விதிகள் 2017-இன் 46-ஆம் விதியில் உள்ளது. சப்ளையரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண், தேதி, பதிவு பெற்ற வாங்குபவரின் விவரம், பொருள் விவரம், ஹெச்எஸ்என் குறியீடு, அளவு, வரிக்குரிய மதிப்பு, வரி விகிதம், வரித்தொகை, வெளிமாநில விற்பனை என்றால் சப்ளை நடக்கும் இடம், கையொப்பம் என்று பட்டியல் நீளும்.

படி 3. பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். முழுப் பட்டியலையும் நிராகரிப்பு விதியாக மாற்றாதீர்கள். இதற்கும் சட்டத்திலேயே ஒரு கைப்பிடி இருக்கிறது. பில்லில் சில விவரங்கள் விடுபட்டிருந்தாலும், வரித்தொகை, பொருள் அல்லது சேவை விவரம், மொத்த மதிப்பு, சப்ளையர் மற்றும் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்கள், வெளிமாநிலம் என்றால் சப்ளை இடம் ஆகியவை இருந்தால் இன்புட் கிரெடிட் எடுக்கலாம் என்று 36(2)-ஆம் விதியின் வரம்புரை சொல்கிறது. இவற்றோடு பில் எண்ணையும் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் கணக்கில் என்ட்ரி போடவும் முடியாது, ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு பொருத்திப் பார்க்கவும் முடியாது. இந்தச் சேர்க்கைதான் உங்கள் நிராகரிப்புப் பட்டியல். ஹெச்எஸ்என், அளவு போன்றவை விடுபட்டால் நிறுத்தி வைத்தால் போதும்.

படி 4. நிபந்தனையோடு கட்டாயமாகும் விவரங்களைத் தனியே எழுதுங்கள். "ஐஜிஎஸ்டி தொகை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் சப்ளை இடம் கட்டாயம்" என்பது போன்றவை. இவற்றை "…இருந்தால் …கட்டாயம்" என்ற ஒரே வாக்கிய அமைப்பில் எழுதுவது நல்லது. பிறகு படிப்பவருக்கும் குழப்பம் வராது, நிரலில் ஏற்றுவதும் எளிது.

## 'காலி' என்றால் என்ன என்று நிரலுக்குச் சொல்லுதல்

கட்டாய விவரம் இல்லையென்றால் நிராகரி என்று எழுதுவது ஒரு வரி வேலை. "இல்லை" என்பதை அடையாளம் காண்பதில்தான் உழைப்பு இருக்கிறது. ஏனென்றால் விடுபட்ட விவரம் எப்போதும் வெற்றிடமாக வராது. கோடு போட்டு வரும், `NA` என்று வரும், வெறும் இடைவெளியாக வரும். இவை பரவாயில்லை, பட்டியல் போட்டுப் பிடித்துவிடலாம்.

ஏமாற்றுவது வேறு வகை: பக்கத்துக் கட்டத்தின் தலைப்பு மதிப்பாக வந்து உட்காருவது. டேலியில் அச்சடித்த பில்லை எடுத்துப் பாருங்கள். வலது பக்கம் மேலே `Invoice No.` என்ற கட்டமும் அதற்கு ஒட்டினாற்போல `Dated` என்ற கட்டமும் இருக்கும். தலைப்பு மேலே சிறிய எழுத்தில், மதிப்பு அதற்குக் கீழே. படிக்கும் மென்பொருள் வலப்பக்கமாக மதிப்பைத் தேடினால், பில் எண் என்ற இடத்தில் `Dated` என்ற சொல்லைக் கொண்டுவந்து வைத்துவிடும். கட்டம் காலியில்லை, எழுத்து இருக்கிறது என்று வெறும் காலி-சோதனை அதை அனுமதிக்கும்.

```python
EMPTY = {"", "-", "--", "na", "n/a", "nan", "null", "none"}
LABELS = {"date", "dated", "invoice no", "invoice no.", "gstin/uin"}

def is_missing(v):
    if v is None:
        return True
    s = str(v).strip().lower()
    return s in EMPTY or s in LABELS
```

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, `if not v` என்று சுருக்கமாக எழுதவில்லை. அப்படி எழுதினால் பைத்தான் பூஜ்யத்தையும் காலி என்றே எடுத்துக்கொள்ளும். வரிவிலக்குப் பொருளின் வரித்தொகை பூஜ்யம்தான். அது விடுபட்ட விவரமல்ல, சொல்லப்பட்ட விவரம். இரண்டாவது, `nil` என்ற சொல்லைக் காலிப் பட்டியலில் சேர்க்கவில்லை. வரிக் கட்டத்தில் `nil` என்றால் பூஜ்யம் என்று பொருள். அதைத் தொகைகளைப் படிக்கும் பகுதியில் பூஜ்யமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பு: பில் எண்ணுக்குக் கூடுதலாக ஒரு சோதனை வையுங்கள். 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, எண், இடைக்கோடு, சாய்கோடு தவிர வேறு குறி இருக்கக் கூடாது. இவற்றை மீறினால் நிராகரிக்கலாம். ஒரு எண்ணாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அது தலைப்புச் சொல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். `LABELS` பட்டியலில் இல்லாத சொற்களும் இதில் சிக்கிவிடும்.

## ஜிஎஸ்டி எண்: இருந்தும் இல்லாதது

தவறாகப் படித்த ஜிஎஸ்டி எண், இல்லாத எண்ணுக்குச் சமம். நல்லவேளையாக இதைச் சோதிக்க வெளியே எங்கும் கேட்க வேண்டியதில்லை. 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண், அதாவது ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. பதினான்காவது வழக்கமாக `Z`. கடைசி எழுத்து, முந்தைய பதினான்கிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து.

அதைக் கணக்கிடும் முறை: 0 முதல் 9 வரை அதே மதிப்பு, `A` என்றால் 10, `Z` என்றால் 35. இடமிருந்து ஒவ்வொன்றையும் 1, 2, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பெருக்குங்கள். பெருக்கி வந்த ஒவ்வொரு தொகையையும் 36-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். எல்லாவற்றையும் கூட்டி, 36-ஆல் வகுத்து வரும் மீதியை 36-இலிருந்து கழியுங்கள். மீதி பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

பயிற்சிக்காக நான் உருவாக்கிய `33AAAAA0000A1Z` என்ற பதினான்குக்குக் கூட்டுத்தொகை 135, மீதி 27, சரிபார்ப்பு எழுத்து 9. உங்கள் நிரல் 9 என்று சொல்கிறதா என்று பாருங்கள். பூஜ்யத்தை `O` என்றும், 5-ஐ `S` என்றும், 8-ஐ `B` என்றும் படித்துவிட்டால் எழுத்து-எண் வரிசையிலோ சரிபார்ப்பிலோ மாட்டிக்கொள்ளும்.

சரிபார்ப்பில் தேறியும் தவறாக இருக்கும் எண் ஒன்று உண்டு: உங்கள் சொந்த எண். ஒரு பில்லில் இரண்டு ஜிஎஸ்டி எண்கள் இருப்பதால், சப்ளையர் இடத்தில் வாங்குபவரின் எண் ஏறிவிடும். உங்கள் நிறுவனத்தின் எல்லா மாநில எண்களையும் ஒரு பட்டியலாக வைத்து, `supplier_gstin` அதில் இருந்தால் நிராகரிக்கும்படி எழுதுங்கள். கிளைக்குக் கிளை சரக்கு அனுப்பும் பில்கள் இருந்தால் அவற்றை வேறு ஆவண வகையாகப் பிரித்துவிடுங்கள்.

## தேதி: ஐந்து படிகள்

தேதிச் சோதனையை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் படியில் தோற்றது இரண்டாவதுக்குப் போகக் கூடாது.

படி 1. மூல எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். படிக்கும் மென்பொருள்கள் பல, தேதியைத் தாமாகவே `2024-05-04` என்ற வடிவத்துக்கு மாற்றித் தருகின்றன. காகிதத்தில் `05/04/2024` என்று இருந்ததை, மாதம் முன்னால் வரும் அமெரிக்க வழக்கப்படி மே 4 என்று மாற்றியிருக்கலாம். மாற்றியது மட்டும் உங்களிடம் வந்தால் இதை உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி பில் ஏப்ரல் 8-இல் வந்து மே 4 என்று படிக்கப்பட்டால், எதிர்காலத் தேதி என்று மாட்டும். மே 4-ஆம் தேதி பில் ஏப்ரல் 5 என்று படிக்கப்பட்டால், ஒரு மாதம் பழைய பில் போலச் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். ஆகவே காகிதத்தில் இருந்தபடியே எழுத்தைத் தரும்படி மென்பொருளை அமைத்து, அதைத் தனிக் கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2. குறிப்பிட்ட வடிவங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த எழுத்தைக் கொடுத்தாலும் தேதியாக்கித் தரும் நூலகங்களை இங்கே பயன்படுத்தாதீர்கள். பைத்தானின் `dateutil` நூலகத்திடம் `April 2024` என்று மட்டும் கொடுத்தால், விடுபட்ட நாளை இன்றைய தேதியிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் `new Date(2024, 1, 30)` என்று கேட்டால், பிப்ரவரி 30 இல்லை என்று சொல்லாது. மார்ச் 1 என்று உருட்டிவிட்டுக் கொடுக்கும். வேறு இடங்களில் இவை வசதிகள். நாம் பிடிக்க நினைக்கும் பிழையையே இங்கே இவை மறைத்துவிடுகின்றன.

```python
from datetime import datetime, date

FORMATS = ("%d/%m/%Y", "%d-%m-%Y", "%d.%m.%Y",
           "%d-%b-%Y", "%d-%b-%y", "%d/%m/%y")

def read_date(text):
    for f in FORMATS:
        try:
            return datetime.strptime(text.strip(), f).date()
        except ValueError:
            continue
    return None

def check_date(text, received):
    d = read_date(text)
    if d is None:
        return "REJECT", "DATE_UNREADABLE"
    if d < date(2017, 7, 1):
        return "REJECT", "DATE_BEFORE_GST"
    if d > received:
        return "REJECT", "DATE_AFTER_RECEIPT"
    return "OK", None
```

`strptime` கண்டிப்பானது. ஜூன் 31-ஐயும், லீப் ஆண்டல்லாத ஆண்டின் பிப்ரவரி 29-ஐயும் மறுத்துவிடும். நாள் முன்னால் வரும் வடிவங்களை மட்டும் கொடுத்திருப்பதால் `04/25/2024` என்பதையும் மறுக்கும். 25-ஆம் மாதம் கிடையாது. மாதத்தை முன்னால் போட்டு அச்சடிக்கும் சப்ளையர் யாராவது இருந்தால், அவருக்கு மட்டும் வேறு வடிவப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பொதுப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

படி 3. கீழ் எல்லை. ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1. அதற்கு முந்தைய தேதியோடு ஒரு ஜிஎஸ்டி பில் இருக்க முடியாது. இந்த விதி, காலியான தேதி வேறொரு நிரல் வழியாகப் போய் `01/01/1970` அல்லது `30/12/1899` என்று மாறி வருவதையும் பிடித்துவிடும். இந்த இரண்டையும் பதிவேட்டில் கண்டால் காகிதத்தைப் பார்க்கத் தேவையில்லை. காலி மதிப்பை யாரோ தேதியாக மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். 45000 போன்ற ஐந்திலக்க எண் வந்தால் எக்செல் தேதியை எண்ணாகவே வைத்து அனுப்பியிருக்கிறது. அது 2023 மார்ச் 15.

படி 4. மேல் எல்லை. பில் உங்களிடம் வந்த நாளுக்குப் பிந்தைய தேதி பில்லில் இருந்தால் நிராகரியுங்கள். ஒப்பிட வேண்டியது பில் வந்த நாளோடு. நிரல் ஓடும் நாளோடு அல்ல. மேலே நிரலில் `date.today()` என்று எழுதாமல் `received` என்று வாங்கியிருப்பது அதனால்தான். ஜூனில் வந்த பில்லை ஆகஸ்டில் மறுபடி ஓட்டினால், ஜூலை என்று தவறாகப் படித்த தேதியும் இன்றைய தேதியோடு ஒப்பிடும்போது சரியாகிவிடும்.

`received`-ஐ இந்திய நேரப்படி எழுதுங்கள். சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் ஓடும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை ஐந்தரைக்கு முன் மின்னஞ்சலில் வரும் பில், சர்வர் கணக்கில் நேற்று வந்ததாகப் பதிவாகும். இன்றைய தேதியிட்ட நல்ல பில்லை "எதிர்காலத் தேதி" என்று உங்கள் விதி திருப்பியனுப்பும். நள்ளிரவில் பில் போட்டு அனுப்பும் சப்ளையரின் பில்கள் மட்டும் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 5. மற்ற விவரங்களோடு ஒப்பிடுங்கள். இங்கேதான் நிராகரிப்பும் நிறுத்தி வைத்தலும் பிரிகின்றன. பணம் கட்ட வேண்டிய கெடு நாள் பில் தேதிக்கு முந்தையதாக இருந்தால் நிராகரிக்கலாம்; இரண்டில் ஒன்று நிச்சயம் தவறு. ஆர்டர் தேதி பில் தேதிக்குப் பிந்தையதாக இருந்தால் நிறுத்தி வையுங்கள். வாய்மொழியாக வாங்கிவிட்டு ஆர்டரைப் பிறகு போடுவது நடக்கும். பில் எண்ணில் `24-25` என்று இருந்து தேதி மார்ச் 2024 என்றால் நிறுத்தி வையுங்கள். நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால் பொருந்தவில்லை, ஆனால் எல்லா எண் வரிசையும் ஆண்டைக் குறிப்பதில்லை. பில் தேதி விழும் நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டியபின் வந்த பில்லையும் நிறுத்தி வையுங்கள். பில் உண்மையானது, இன்புட் கிரெடிட் கெடு போய்விட்டது என்பதுதான் பிரச்சினை. அதை முடிவு செய்ய வேண்டியவர் ஆடிட்டர்.

இ-இன்வாய்ஸ் என்றால் உங்களுக்கு ஒரு நல்ல துணை இருக்கிறது. அதில் அச்சாகும் கியூஆர் குறியீட்டில் சப்ளையர், வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்த மதிப்பு எல்லாம் இருக்கும். கியூஆரைப் படிக்க முடிந்தால் அதையும் எழுத்தையும் ஒப்பிட்டு, மாறுபட்டால் நிராகரியுங்கள். அதே பில்லில் `Ack Date` என்று இன்னொரு தேதியும் இருக்கும். அது பில்லைப் போர்ட்டலில் பதிந்த நாள். பில் தேதியாகத் தவறி ஏற இடமுண்டு.

## ஒரு பில்லை முழுதாக ஓட்டிப் பார்ப்போம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. உதிரிபாகக் கடையிலிருந்து வந்த பில்லை வரவு சீல் குத்தி, கைபேசியில் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். வந்த நாள் 2024 ஜூன் 24. மென்பொருள் தந்ததில் ஒரு பகுதி இது; வாங்குபவரின் எண், பொருள் விவரம் முதலிய மற்றவை சரியாகவே வந்துவிட்டன:

```
doc_type        : TAX_INVOICE
supplier_gstin  : 33AAAAAO000A1Z9
invoice_no      : Dated
invoice_date_raw: 31-Jun-24
taxable_value   : 48200.00
cgst            : 4338.00
sgst            : 4338.00
igst            : 0
total           : 56876.00
```

தொகைகளைக் கூட்டினால் சரியாக வருகிறது: 48,200-க்கு 9 சதவீதம் 4,338, இரண்டு வரியும் சேர்த்து 56,876. தொகையை மட்டும் பார்ப்பவர் இந்தப் பில்லை ஏற்றிவிடுவார்.

விதிகள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. ஜிஎஸ்டி எண்ணின் எட்டாவது இடத்தில் எண் இருக்க வேண்டும், `O` என்ற எழுத்து இருக்கிறது: `GSTIN_PATTERN`. பில் எண் தலைப்புச் சொல்: `INVOICE_NO_MISSING`. ஜூன் 31 கிடையாது: `DATE_UNREADABLE`. `igst` பூஜ்யம் என்பதால் சப்ளை இடம் கேட்கும் விதி ஓடவில்லை; சரிதான். முதல் பிழையோடு நின்றுவிடாமல் மூன்று காரணங்களையும் ஒரே பட்டியலாகத் தர வேண்டும். ஒன்றைத் திருத்தி அனுப்பி, அடுத்ததற்காகத் திரும்பி வந்து, மறுபடி திருத்தி என்று ஒருவரை மூன்று முறை அலைய விடக் கூடாது. தேதிக்கான ஐந்து படிகளுக்குள்தான் முதல் தோல்வியில் நிற்க வேண்டும். ஒரு விவரத்தில் தோற்றது மற்ற விவரங்களின் சோதனையை நிறுத்தக் கூடாது.

காகிதத்தை எடுத்துப் பார்த்தால், பில் எண் `SPN/118/24-25`. தேதி `21-Jun-24`, சீலின் ஓரக்கோடு 2-இன் மேல் விழுந்து 3 போலத் தெரிகிறது. உருட்டிவிடும் நிரலாக இருந்திருந்தால் ஜூன் 31 ஜூலை 1 ஆகியிருக்கும். மேல் எல்லை விதியும் இல்லாவிட்டால் பில் தவறான மாதத்தில் ஏறும். ஜிஎஸ்டிஆர்-2பி-யில் சப்ளையர் காட்டிய ஜூன் 21-ஓடு பொருந்தாமல் போகும்.

"இந்தத் தேதியைப் படிக்க முடியவில்லை என்றால் பில்லில் வேறு தேதி இருக்கிறதா என்று தேடி எடு" என்று எழுதத் தோன்றும். டேலிப் பில்லில் `Buyer's Order No.` கட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு `Dated` இருக்கிறது. இந்தப் பில்லில் அது `3-Jun-24`. நாள்காட்டியில் இருக்கிறது, வந்த நாளுக்கு முந்தையது, நிதியாண்டுக்கும் பொருந்துகிறது. எல்லா விதியிலும் தேறும் தவறான தேதி. மாற்றுத் தேதி தேடும் வரியை எழுதவே எழுதாதீர்கள்.

## நிராகரித்த பில் போகும் இடம்

நிராகரிப்பு என்பது பில்லை அழிப்பதல்ல. மூலப் படம், படித்த மதிப்பு, காரணக் குறியீடு, விதிப் பட்டியலின் பதிப்பு எண், வந்த நாள் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஒரு வரிசையில் நிற்க வேண்டும். பார்ப்பவர் முன் படமும் கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். படம் தெரியாமல் வெறும் கட்டத்தைக் காட்டி நிரப்பச் சொன்னால், அவசரத்தில் ஏதாவது ஒரு தேதியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். விதியும் அதை ஏற்றுக்கொள்ளும்.

பார்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி பொத்தான் வையுங்கள்:

- காகிதத்தில் இருக்கிறது, தவறாகப் படித்திருக்கிறது. அவரே திருத்தி மறுபடி அனுப்புவார். திருத்திய மதிப்பும் எல்லா விதியிலும் மறுபடி ஓட வேண்டும்.
- காகிதத்திலேயே இல்லை, அல்லது தவறாக இருக்கிறது. சப்ளையருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது. இங்கே பேனாவால் எழுதிச் சேர்ப்பதை அனுமதிக்காதீர்கள்.

இந்தத் தேர்வு பின்னால் விதிகளைச் சீர்செய்யவும் உதவும். ஒரே சப்ளையரின் பில்கள் முதல் காரணத்தால் தொடர்ந்து வந்தால், மென்பொருளுக்கு அந்தப் பில்லின் அமைப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டாவது காரணத்தால் வந்தால் சப்ளையரோடு பேச வேண்டும். விதியைத் தளர்த்துவது இரண்டுக்கும் தீர்வல்ல.

## விதிகளை அமலாக்கும் முன் சோதித்தல்

1. ஏற்கெனவே சரிபார்த்துக் கணக்கில் ஏற்றிய பழைய பில்களை எடுத்து ஓட்டுங்கள். இவற்றில் எதுவும் நிராகரிக்கப்படக் கூடாது. நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் விதிதான் தவறு. சில சமயம் பழைய என்ட்ரி தவறு என்றும் தெரியவரும்.

2. ஒரு நல்ல பில்லை எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு விவரத்தை மட்டும் கெடுத்து ஓட்டுங்கள். எதிர்பார்த்த காரணக் குறியீடு மட்டும் வர வேண்டும். இரண்டு குறியீடு வந்தால் விதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

3. தேதிக்கு எல்லைப் புள்ளிகளைக் கொடுங்கள். `29/02/2024` தேற வேண்டும், `29/02/2025` தோற்க வேண்டும். `30/06/2017` தோற்க வேண்டும், `01/07/2017` நிராகரிக்கப்படாமல், படி 5-இன் நவம்பர் 30 கெடு விதியால் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். வந்த நாளும் பில் தேதியும் ஒரே நாள் என்றால் தேற வேண்டும். அடுத்த நாள் என்றால் தோற்க வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் `received` மதிப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இன்று தேறும் சோதனை அடுத்த ஆண்டு தானாகத் தோற்கும்.

4. முதலில் சில வாரங்கள் தீர்ப்பை மட்டும் பதிவு செய்யுங்கள். பில் எதையும் தடுக்காதீர்கள். இந்தக் காலத்தில் மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் வந்தால் நல்லது. எண் வரிசை மாறுவதும், முந்தைய ஆண்டுப் பில்கள் பிந்தி வருவதும், நிதியாண்டு விதிகள் உண்மையில் சோதிக்கப்படுவதும் அப்போதுதான்.

5. எந்தக் குறியீடு எத்தனை முறை வந்தது, அதில் எத்தனை முறை விதியே தவறு என்று தெரியவந்தது என்று விதிவாரியாக எண்ணுங்கள். ஒரு நிராகரிப்பு விதி நல்ல பில்லை ஒரு முறை தடுத்திருந்தாலும், "இருக்கவே முடியாது" என்று நீங்கள் நினைத்தது இருக்கக்கூடியது என்று தெரிந்துவிட்டது. அந்த விதியை நிறுத்தி வைக்கும் பக்கத்துக்கு மாற்றி, பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, இரண்டாவது படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.